முதுகு காட்டி நின்றவர்களுக்கு ஒரு நன்றி

நேயர்களுக்கு வணக்கம். திருவிழா முடிந்ததும் கோயில் சேனல்கள் தொண்டர்களுக்கு நன்றி சொல்லிக் காணொளி வெளியிடுகின்றன. பெரும்பாலும் கோபுரத்தைக் காட்டி, "அல்லும் பகலும் உழைத்த அனைவருக்கும் நன்றி" என்று முடித்துவிடுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு அப்படி ஒன்றை எழுதச் சொன்னால், வீதி திரும்பும் முனையில்தான் தொடங்குவேன்.

அலங்கரித்து நிற்கும் ஆழித்தேரின் உயரம் 96 அடி என்பார்கள். எடை ஏறத்தாழ 300 டன். இவ்வளவு பாரத்தை வடம் மட்டும் திருப்பிவிடாது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும். முனைகளில் இரும்புத் தகடு பரப்பி வழுக்கலுக்கு மசகு தடவுவார்கள். கட்டை போடுபவர் குனிந்திருக்கும்போது சக்கரம் ஓரடி கூடுதலாக உருண்டாலும் ஆபத்து.

அந்த நேரத்தில் கூட்டம் நெருங்காதபடி கயிறு பிடித்து நிற்கிறார்களே, அவர்கள்தான் தொண்டர்கள். கூட்டத்தைக் கண்காணிக்க வேண்டியவர்கள் என்பதால் தேருக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். "ஆரூரா தியாகேசா" என்ற முழக்கம் காதில் விழும். தேர் திரும்பும் அழகைப் பார்க்க முடியாது. எனக்கு இது பெரிய தியாகமாகத் தெரிகிறது. ஆகவே, அவர்கள் தவறவிட்ட காட்சியை அவர்களிடம் சேர்ப்பதுதான் நன்றிக் காணொளியின் வேலை.

எழுத்து இப்படி இருக்கலாம்:

"கீழவீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் தேர் திரும்பியபோது, கயிற்றைப் பிடித்தபடி எங்கள் முகங்களைப் பார்த்து நின்றீர்கள். 'பின்னால் போங்கள் அம்மா, குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள்' என்று தொண்டை கட்டும்வரை சொன்னீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தது இதுதான். பாருங்கள்."

பிறகு வெட்டாமல் அந்தத் திருப்பம் முழுவதையும் காட்ட வேண்டும். பின்னணி இசை வேண்டாம். வீதியின் ஓசை போதும். இதற்காக விழாவுக்கு முன்பே ஒரு கேமராவை மாடியில் நிறுத்திவிட வேண்டும். எல்லாக் கேமராக்களும் கலசத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பிறகு காட்ட எதுவும் இருக்காது.

அடுத்தது பெயர்கள். இதற்கு வழிகாட்டி அந்தக் கோயிலிலேயே இருக்கிறார். சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடியது திருவாரூரில்தான். அடியார்களைத் தனித்தனியே பெயர் சொல்லி வணங்கினார். கண் தெரியாத நிலையிலும் கயிறு கட்டித் தடவிச் சென்று அவ்வூர்க் குளத்தை அகழ்ந்த தண்டியடிகளும் அதில் உண்டு. பெயர் தெரியாதவர்களையும் விடாமல், "திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

காணொளியிலும் பெயரோடு வேலையைப் போடுங்கள்: தெற்கு வீதி முனையில் கயிறு பிடித்தவர், மோர் ஊற்றியவர், மறுநாள் காலை வீதியில் கிடந்த செருப்புகளை அள்ளியவர். பெயர் வெளியாவதை விரும்பாதவர்களும் உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெளியிடும் முன் பட்டியலை ஒவ்வொரு குழுத் தலைவரிடமும் காட்டி, எழுத்துப்பிழையையும் விடுபட்டவர்களையும் சரிபாருங்கள். வணக்கம்.