உருளுதலை முன்னுக்குக் கொண்டு வாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் சுழற்சி இயக்கம் என்ற பாடத்தைத் திருப்பிப் பார்க்க இரண்டு வாரம் இருக்கிறது, பள்ளித் தேர்வும் நீட் தேர்வும் எதிரே நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மாணவர்கள் பாட வரிசையிலேயே போகிறார்கள். கடைசியில் வரும் உருளுதலுக்கு ஒரு மாலைப்பொழுதுதான் மிஞ்சுகிறது. நான் சொல்வது, உருளுதலை 4, 8, 12ஆம் நாள்களில் மூன்று முறை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்றேதான், ஒவ்வொரு முறையும் வழி மட்டும் வேறு.

முதல் மூன்று நாள்கள் நிலைமத் திருப்புத்திறனுக்கு. செங்குத்து அச்சுத் தேற்றம் தட்டையான பொருள்களுக்கு மட்டுமே. கோளத்துக்கு அதைப் போட்டால் விடை தவறாகும். இணை அச்சுத் தேற்றத்தில் ஓர் அச்சு நிறை மையம் வழியாகத்தான் போக வேண்டும்.

இனி அந்தக் கணக்கு. 30 டிகிரி சாய்தளம். 2 கிலோ திண்மக் கோளம் நழுவாமல் உருளுகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்ளுங்கள். நான்காம் நாள் ஆற்றல் வழியில் வேகத்தை மட்டும் காணுங்கள். எட்டாம் நாள் மையத்தைப் பற்றிய திருப்பு விசையை எழுதுங்கள். சரிவின் வழியே இழுக்கும் விசை 10 நியூட்டன். அதில் உராய்வு 2.86 நியூட்டன் என்று வரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், கோளம் சறுக்காவிட்டாலும்! உராய்வு என்றதுமே உராய்வுக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கிவிடுகிறார்கள். குணகம் 0.25 என்றால் அந்தப் பெருக்கல் 4.33 நியூட்டன் தரும். அது உராய்வு எட்டக்கூடிய உச்சம். இப்போது இருக்கும் உராய்வு அல்ல. மறுபடி சொல்கிறேன், உச்சம்தான்.

இப்போது கோளத்தை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள வளையத்தை வையுங்கள். அது நழுவாமல் உருள 5 நியூட்டன் உராய்வு தேவை. கிடைப்பதோ 4.33தான். ஆகவே கோளம் உருளும் அதே சரிவில் வளையம் நழுவிக்கொண்டே உருளும். அப்போது உராய்வு வெப்பமாக ஆற்றலைத் தின்கிறது. நான்காம் நாள் போட்ட ஆற்றல் சமன்பாடு அப்படியே செல்லாது. எனவே 'நழுவாமல்' என்ற சொல் வினாவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தேவைப்படும் உராய்வைக் கணக்கிட்டு, உச்சத்தோடு ஒப்பிட்ட பிறகே மேலே போங்கள்.

பன்னிரண்டாம் நாள் தரையைத் தொடும் புள்ளியைப் பற்றியே திருப்பு விசையை எழுதுங்கள். உராய்வு அந்தப் புள்ளி வழியாகவே செல்வதால் சமன்பாட்டில் வராது, முடுக்கம் 3.57 என்று இரண்டு வரியில் கிடைத்துவிடும். நிலைமத் திருப்புத்திறனையும் அதே புள்ளியைப் பற்றி எடுக்க மறக்காதீர்கள். நீட்டுக்கு இந்த வழி; பள்ளித் தேர்வின் நெடுவினாவுக்கு எட்டாம் நாள் வழி.

கோண உந்தத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், அரங்கில் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: 9, 10, 11ஆம் நாள்கள் அதற்கு, இடையில் 5, 6, 7 திருப்பு விசைக்கும் சமநிலைக்கும். கடைசி இரு நாள்களில் பழைய வினாத்தாள்கள், ஒரு நாள் எழுத்துத் தேர்வு, மறுநாள் கொள்குறி வகை. நன்றி, வணக்கம்.