அல்சர் இருந்தால் காபியை விட்டுவிட வேண்டுமா? பால் சேர்த்தால் வலி குறையுமா?

[திரையில்: ஆவி பறக்கும் ஒரு கப் காபி]

வயிற்றில் புண் என்று டாக்டர் சொன்னதும் பலரும் முதலில் கேட்பது: "காபியாலதான் வந்ததா?"

இல்லை. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் இரண்டுதான். ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. மற்றொன்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள். பாக்டீரியா இருந்தால் அதை ஒழிக்க வேண்டும், மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும். காபியை மட்டும் நிறுத்தினால் புண் ஆறாது.

அப்படியானால் குடித்ததும் ஏன் எரிகிறது? காபியின் புளிப்பால் அல்ல. வயிற்று அமிலத்தின் பக்கத்தில் அந்தப் புளிப்பு ஒன்றுமே இல்லை. காபி வயிற்றைத் தூண்டி அமிலத்தைச் சுரக்க வைக்கிறது, வெந்துபோன சுவரில் அந்த அமிலம் படுகிறது. காஃபீன் நீக்கிய டீகாஃப் காபியும் அமிலத்தைத் தூண்டும். அதற்கு மாறியும் எரிச்சல் போகவில்லை என்று சிலர் சொல்வது இதனால்தான்.

[திரையில்: வெறும் வயிறு, உணவு உள்ள வயிறு]

வெறும் வயிற்றில் இந்த அமிலத்துக்கு வேலை கிடையாது, நேராகப் புண்ணில் படும். உணவு இருந்தால் அமிலத்தின் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும், காபியும் அதோடு கலந்துவிடும். அதே கப்பை காலை உணவுக்குப் பிறகு குடித்தால் பலருக்கும் பாதித் தொல்லை குறைவது அதனால்தான்.

இனி பாலுக்கு வருவோம். பால் பட்டதும் வயிறு குளிர்வது போல இருப்பது உண்மை. அதன் புரதம் அமிலத்தைச் சிறிது நேரம் தணிக்கிறது. ஆனால் அதே புரதமும் கால்சியமும் மறுபடி அமிலத்தைச் சுரக்க வைக்கின்றன. 1915-இல் பெர்ட்ராம் சிப்பி என்ற அமெரிக்க மருத்துவர் அல்சருக்கு மணிக்கொரு முறை பாலும் கிரீமும் கொடுக்கும் முறையைப் பரப்பினார். பல பத்தாண்டுகள் நடந்த அந்த முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே காபியில் பால் சேர்ப்பது தவறில்லை, அதை மருந்தாக மட்டும் நினைக்க வேண்டாம்.

ஒரு சிக்கல்: பாலில் இயற்கையாக உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காதவர்களுக்குப் பால் காபி குடித்தால் வயிறு உப்பி, கடமுடா என்று சத்தம் போடும். அதைக் கேஸ்ட்ரைடிஸ், அதாவது இரைப்பைச் சுவரின் அழற்சி என்று நினைத்துவிடுவார்கள். ஒருநாள் காபி இல்லாமல் வெறும் பால் குடித்துப் பாருங்கள். அப்போதும் உப்பினால் குற்றவாளி காபி அல்ல.

[திரையில்: கடிகாரம், மாத்திரை, கப்]

ஓர் உதாரணம். ஒருவருக்கு எண்டோஸ்கோபியில் கேஸ்ட்ரைடிஸ். தினமும் மூன்று கப் காபி: எழுந்ததும் ஒன்று, 11 மணிக்கு ஒன்று, 4 மணிக்கு ஒன்று. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை முதல் கப்போடு விழுங்குகிறார், எரிச்சல் அடங்கவில்லை. கடுப்பில் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்துகிறார். மறுநாள் தலை பிளக்கிறது. காஃபீன் திடீரென நின்றால் 12 முதல் 24 மணி நேரத்தில் இந்தத் தலைவலி தொடங்கும். உடனே ஐபுப்ரோஃபென் போடுகிறார். எதைத் தொடவே கூடாதோ அது!

இவர் செய்ய வேண்டியது வேறு. எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி நேரம் கழித்துக் காலை உணவு. இந்த மாத்திரை சாப்பாட்டால் தூண்டப்பட்டு இயங்கும், வயிற்றுச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளைத்தான் அடைக்கும், அதனால் இந்த வரிசை முக்கியம். காபி அதன் பிறகு, முதல் மூன்று நாள் கப்பின் அளவை மட்டும் குறைத்து. அடுத்து 4 மணி கப்பை நிறுத்தலாம், பிறகு 11 மணி கப்பை. தலை வலித்தால், வேறு தடை இல்லாதவர்கள் பாரசிட்டமால் போடலாம்.

எரிச்சல் அடங்கி சில நாள் ஆனதும், உணவுக்குப் பிறகு அரை கப் மட்டும் மூன்று நாள் குடித்து, எப்போது வலிக்கிறது என்று குறித்து வையுங்கள். குடித்த அரை மணிக்குள் எரிந்தால் காபியை இன்னும் தள்ளிப்போட வேண்டும். காபி குடிக்காத நாளிலும் அதே நேரத்தில் வலித்தால் காபி மேல் பழி போடாதீர்கள். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தோ, நடு ராத்திரியிலோ வந்து, சாப்பிட்டதும் அடங்கும் வலி சிறுகுடலின் முதல் பகுதியில் உள்ள புண்ணாக இருக்கலாம். சாப்பிட்ட உடனே கூடும் வலி இரைப்பைப் புண்ணாக இருக்கலாம்.

[திரையில்: சிவப்பு எழுத்து]

மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற துகளோ வந்தாலோ அது ரத்தக் கசிவாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனாலும் நீங்களே முடிவு செய்யாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.