காய்ச்சிய தப்பும் கைபேசிக் கட்டமும்

நேயர்களுக்கு வணக்கம்.

குன்னூரில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நடத்துகிறேன். ஒரு பாட்டைப் பதிவு செய்து கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும் என்றுதான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த ஒரு தம்பி வந்த பிறகு அந்த நினைப்பு மாறியது. அவர் கிதார் வாசித்துத் தாமே எழுதிய தமிழ்ப் பாட்டுகளைப் பாடுகிறவர். எந்த நிறுவனமும் பின்னால் இல்லாத தனி இசைக் கலைஞர். அவருடைய பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று வானொலி நிலையத்து நண்பர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே தம்பி என்றே சொல்கிறேன்.

மூன்று பாட்டுகளைப் பதிவு செய்து ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் வெளியிட்டோம். அட்டைப்படம் எடுத்தது நான்தான். மூன்றிலும் மூடுபனி. ஒன்றில் பனிக்குள் யூகலிப்டஸ் மரம், ஒன்றில் பனிக்குள் தண்டவாளம், மூன்றாவதில் பனிக்குள் பனி. எடுக்கும்போது பெருமையாக இருந்தது. கைபேசியில் பாட்டுகளின் வரிசையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நகம் அளவுக் கட்டத்தில் மூன்றும் சாம்பல் பூசிய சதுரங்களாக நின்றன. மலையிலிருந்து பாடுகிற எல்லோரும் பனியைத்தான் போடுகிறார்கள் என்பதால், அது இன்னாருடைய பாட்டு என்று எவரும் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் பெயரில் இருந்தது. தம்பி அப்போது வைத்திருந்த மேடைப் பெயரில் ‘மழை’ என்ற சொல் இருந்தது. அழகான சொல். ஆனால் நம் ஆட்கள் தமிழ்ப் பாட்டையும் ஆங்கில எழுத்தில்தானே தட்டச்சு செய்து தேடுகிறார்கள்? ஒரு விடுதியில் இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த விருந்தினர்களுக்குத் தம்பி பாடினார். நல்ல கைதட்டல். மறுநாள் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து பார்த்தேன். நம் காணொளிக்கு வந்து சேர்ந்தவர்கள் தேடல் பெட்டியில் என்னென்ன சொற்களைத் தட்டச்சு செய்தார்கள் என்று அதில் ஒரு பட்டியல் வரும். mazhai என்று ஒருவர், mazai என்று ஒருவர், malai என்று ஒருவர். கடைசியாகச் சொன்ன மாதிரி தேடிப் பார்த்தேன். மலையும் வந்தது, இந்திக்காரர்கள் பாலேட்டுக்கு அதே சொல்லை வைத்திருப்பதால் சமையல் குறிப்புகளும் வரிசையாக வந்தன. தம்பி எங்கோ அடியில் இருந்தார். இந்தப் பட்டியலில் வந்தவர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டவர்கள். கண்டுபிடிக்க முடியாமல் விட்டுவிட்டவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

மேடையில் கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தேடினால் கிடைக்க வேண்டும். கைபேசியில் கேட்டவர் மேடையைப் பார்த்ததும் ‘இவர் அவரல்லவா’ என்று அடையாளம் காண வேண்டும். பிராண்ட் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, எங்கள் அளவில் அது இந்த இரண்டு வழிகளையும் அடைப்பில்லாமல் வைத்துக்கொள்வதுதான்.

முதலில் பெயரை மாற்றினோம். ழ, ள, ற, ண இல்லாத, ஆங்கில எழுத்தில் ஒரே விதமாக மட்டும் எழுத முடிகிற பெயர். கூடத்துக்கு வந்த பத்துப் பேரிடம் பெயரை வாயால் சொல்லி, அவரவர் கைபேசியில் தட்டச்சு செய்யச் சொன்னோம். பத்துப் பேரும் ஒரே மாதிரி தட்டச்சு செய்யும் வரை தேடினோம். நான்காவது பெயர் தேறியது.

ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகளை என்ன செய்வது? ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி உண்டு. கலைஞர் பெயரையும் அட்டைப்படத்தையும், பாட்டை இந்தத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனம் வழியாக மாற்றலாம், குறி அப்படியே இருக்கும், அதுவரை கேட்கப்பட்ட கணக்கும் கூடவே இருக்கும். ஆனால் பாட்டின் ஒலியை வெட்டினாலோ திரும்பப் பதிவு செய்தாலோ அது வேறு பதிவு, வேறு குறி வேண்டும். தம்பிக்குப் பழைய பாட்டுகளின் தொடக்கத்தைத் திருத்த ஆசை. வேண்டாம், பெயரும் படமும் போதும், ஒலியை அடுத்த பாட்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தடுத்துவிட்டேன்.

தொடக்கம் என்றேன் அல்லவா, அதுவும் என் கைவரிசைதான். முதல் பாட்டில் குருவிச் சத்தம், காற்று, தூரத்து மணி என்று 40 விநாடிகள் ஓட விட்டிருந்தேன். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடிகள் ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. யூடியூபில், எந்த விநாடியில் எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. என் குருவிகள் கூவி முடிப்பதற்குள் அந்தக் கோடு படுத்துவிட்டது.

சரி, அப்படியானால் எந்தச் சத்தத்தில் தொடங்குவது? விடை தம்பியின் வீட்டுப் பரணில் இருந்தது.

அவருடைய பாட்டி இலங்கை மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவர். 1964-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில்தான் அந்தக் குடும்பம் நீலகிரியில் வேரூன்றியது. இலங்கைத் தோட்டத்தில் விடியற்காலை தப்பு என்கிற தோல் பறையை அடித்துத்தான், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்களை அழைப்பார்கள் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாராம். பரணில் கிடந்தது தாத்தாவின் தப்பு.

அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து அடித்தோம். நனைந்த அட்டையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. எங்கள் ஊர் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். தம்பி வாசலில் காகிதத்தையும் காய்ந்த சருகையும் கொளுத்தி, தப்பின் முகத்தை நெருப்புக்குக் காட்டி மெல்லச் சுற்றினார். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் பொசுங்கிவிடும் என்பதால் கை நிற்கவே இல்லை. நடுநடுவே விரலால் சுண்டிப் பார்த்தார். முதலில் ‘தொப்’, சற்று நேரத்தில் ‘டப்’, பிறகு கணீரென்று ஒரு சத்தம், எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பியது. நான் ஒலிவாங்கியை எடுக்க உள்ளே ஓடினேன்.

புதிய பாட்டு அந்த ஒற்றை அடியோடு தொடங்குகிறது. ஒரு அடி, அதன் ரீங்காரம் அடங்கும் முன் கிதார், பத்தாவது விநாடிக்குள் குரல். அதற்குப் பின் வந்த எல்லாப் பாட்டுகளுக்கும் அதுவே வாசல். அட்டைப்படம், கறுப்புப் பின்னணியில் தப்பின் வட்ட முகம், ஓரத்தில் நெருப்பு வெளிச்சம், அவ்வளவுதான். 3000க்கு 3000 பிக்சலில் கொடுத்ததை நக அளவுக்கு அச்சடித்துக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தோம். வட்டம் தெரிந்தது. இணைய முகவரி, சமூக ஊடகப் பெயர் எதுவும் அட்டைப்படத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் விநியோக நிறுவனங்கள் திருப்பி அனுப்பிவிடும். ஸ்பாட்டிஃபையில் பாட்டு ஓடும்போது பின்னால் சத்தமில்லாமல் சுழலும் நெடுக்குக் காணொளிக்கு 3 முதல் 8 விநாடிகள்தான் இடம். அதில் நெருப்பின் மேல் தப்பு சுற்றுகிற கையைப் போட்டோம்.

தம்பியின் அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. “சாவு வீட்டில் அடிக்கிறதை ஏன் மேடைக்குக் கொண்டுபோகிறாய்? நாங்கள் பட்டதெல்லாம் போதாதா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் கூடாது. பாட்டிதான் மருமகளிடம் பேசினார், என்ன பேசினார் என்று தெரியாது. மூன்று வாரம் கழித்து அம்மாவே தப்பைத் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினார். அதுவரை நாங்கள் எதையும் வெளியிடவில்லை. இடையில் ஒரு நண்பர், தம்பி தோடர் பூவேலைச் சால்வை போர்த்தினால் சிவப்பும் கறுப்புமாகப் படம் எடுப்பாக இருக்கும் என்றார். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது, தோடர் மக்களுடையது. எடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் தம்பியின் கதை அதில் இல்லை.

இனி மேடை. முன்பு தம்பி வந்தவுடன் கிதாரோடு உட்கார்ந்துவிடுவார். இப்போது முதலில் மேடை ஓரத்தில் ஒரு இரும்புச் சட்டியில் நெருப்பு. அவர் தப்பைக் காய்ச்சுகிறார், எதுவும் பேசுவதில்லை. ஏற்கெனவே கைபேசியில் அந்தக் கையைப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைத் தட்டிச் சொல்வதை நான் கண்டிருக்கிறேன். பின்னால் கறுப்புத் துணி, பக்கத்தில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. பாட்டியின் கதையை முதலில் சொல்வதில்லை, இரண்டாம் பாட்டு முடிந்ததும் சொல்கிறார். எங்கள் ஊர்க் குளிரில் கிதார் கம்பிகள் இறுகிச் சுருதி ஏறிவிடும், அப்போது எப்படியும் சரிசெய்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் கதை முடிகிறது. தன் பெயரையும் அப்போதுதான் சொல்கிறார், கடைசிப் பாட்டுக்கு முன் இன்னொரு முறை. தொடக்கத்தில் சொன்னால் கூட்டம் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும்.

பாட்டுப் பக்கத்துக்கு நேராகக் கொண்டுபோகும் கியூ.ஆர். குறியீட்டைப் பெரிதாக அச்சடித்து வைத்தோம், முதல் நிகழ்ச்சியிலேயே தோற்றது. பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. இப்போது உள்ளங்கை அளவுக் காகித அட்டை கொடுக்கிறோம். ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெயர், தமிழிலும் ஆங்கில எழுத்திலும். குளிர்ச்சட்டைப் பையில் கிடந்து, சமவெளிக்கு இறங்கிய பிறகு வேலை செய்கிறது. அவர்கள் தேடி வந்து பார்க்கும் பக்கத்தில் முதலில் நிற்பது, அன்று மேடையில் முதலில் பாடிய அதே பாட்டு.

பணம் வருகிறதா என்று கேட்பீர்கள். ஸ்பாட்டிஃபை 2024 முதல், 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைத்தொகை தருவதில்லை. தம்பியின் பழைய பாட்டுகளில் ஒன்று இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அவருக்கு வருமானம் மேடையில்தான்.

போன வாரம் மறுபடி அந்தத் தேடல் பட்டியலைப் பார்த்தேன். பெயரைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்தவர்கள்தான் அதிகம். நடுவில் ஒரு வரி, ‘நெருப்பில் தப்பு காய்ச்சுகிற பாட்டு’. அட்டையைத் தொலைத்துப் பெயரையும் மறந்த யாரோ ஒருவர். எங்கள் காணொளிக் குறிப்பில் தப்பு என்ற சொல்லை நாங்கள் எங்குமே எழுதியிருக்கவில்லை. அன்று இரவே எல்லாப் பாட்டுகளின் குறிப்பிலும் அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டேன்.

வணக்கம்.