4 ஸ்கொயர் கேபிள் எரியாது. ஆனால் உங்கள் மின்சாரத்தைத் தின்னும்!

[திரையில்: மாந்தோப்பு, வெட்டவெளியில் நான்கு பேனல்கள்]

வணக்கம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பு வீட்டில், மர நிழலுக்குப் பயந்து சோலார் பேனல்களை 40 மீட்டர் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 4 ஸ்கொயர், அதாவது 4 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கேபிளைக் காட்டி, "ஐம்பது ஆம்பியர் தாங்கும்" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அது கேபிள் எரியுமா என்ற கேள்விக்கான பதிலே தவிர, வழியில் எத்தனை வோல்ட் தொலையும் என்பதற்கான பதில் அல்ல.

ஒவ்வொரு பேனலும் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தருகிறது. போக 40, வர 40 என்று மின்சாரம் 80 மீட்டர் ஓடுவதால், இரு கம்பிகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். வெயிலில் 60 டிகிரிக்குச் சூடேறிய 4 ஸ்கொயர் கேபிளில் அந்த 80 மீட்டரின் மின்தடை ஏறத்தாழ 0.47 ஓம்.

[திரையில்: `V = I × R`]

இனி நான் மிகவும் ரசிக்கும் ஒப்பீடு. இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரு வரிசைகளையும் இணையாகச் சேர்த்தால் 82 வோல்ட், 26 ஆம்பியர். கேபிளில் 12 வோல்ட் போய்விடும், அதாவது 15 சதவீதம். அதே நான்கையும் ஒரே தொடராகக் கோத்தால் 164 வோல்ட், 13 ஆம்பியர். இழப்பு 6 வோல்ட், 3.7 சதவீதம்தான். கேபிளை மாற்றாமலேயே இழப்பு நான்கில் ஒரு பங்காகிவிட்டது! ஆனாலும் ஏறத்தாழ 80 வாட் வீணாகிறது. காற்றே வராத ஒரு சீலிங் ஃபேன் கேபிளுக்குள் சுற்றுவதைப் போல.

பொதுவாக 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். தொடரில் கோத்து 6 ஸ்கொயர் போட்டால் இழப்பு 2.5 சதவீதமாகிறது, அது எனக்குப் போதும். 10 ஸ்கொயரில் 1.4 ஆகும். இணையாக வைத்துக்கொண்டே 2.5 சதவீதத்தை எட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 25 ஸ்கொயர் வாங்க வேண்டும். அந்தச் செம்பின் விலையை நீங்களே விசாரியுங்கள்.

ஆனால் தொடருக்கும் ஓர் எல்லை உண்டு. மின்சாரம் எடுக்காதபோது ஒரு பேனல் 49 வோல்ட்டையும் தொடும். நான்கும் சேர்ந்து 200 வோல்ட்டை நெருங்கும். மார்கழிக் குளிரில் இன்னும் கூடும். உங்கள் இன்வெர்ட்டரின் உள்ளீட்டு உச்சவரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் கருவியே போய்விடும்.

ஏற்கெனவே கேபிள் போட்டவர்கள் காலையில் சுமையில்லாமல் அளந்துவிட்டு, இரு முனையிலும் ஒரே வோல்ட் என்று மகிழாதீர்கள். மின்னோட்டம் இல்லையென்றால் இழப்பும் தெரியாது. நண்பகலில் முழுச் சுமையில், எலக்ட்ரீஷியன் துணையோடு, பேனல் முனையில் ஒருவரும் இன்வெர்ட்டர் முனையில் ஒருவரும் போனில் பேசியபடி ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், ஏனெனில் ஒரு மேகம் வந்தாலே எண் மாறிவிடும். 6 ஸ்கொயரில் 13 ஆம்பியருக்கு வித்தியாசம் 4 வோல்ட்டைச் சுற்றி இருக்க வேண்டும். அது 8, 9 என்று வந்தால், சரியாக அழுத்தப்படாத கனெக்டரைச் சந்தேகியுங்கள், அல்லது உறையில் அச்சிட்ட தடிமன் உள்ளே இருக்கும் செம்பில் இல்லை. உங்களுக்கு வந்த இரு எண்களையும் கேபிள் நீளத்தையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். சுமை ஓடும்போது மட்டும் கனெக்டரைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், நேர்மின்சாரத் தீப்பொறி எளிதில் அணையாது.