தராசுத் தட்டில் இரண்டாவது சீலம்
(வைகாசிப் பௌர்ணமி விழாவில் பேசியது)

வணக்கத்துக்குரிய பந்தே அவர்களே, விழாத் தலைவர் ஐயா அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மழையென்றும் பாராமல் பந்தல் போட்டுக் கொடுத்த தெரு இளைஞர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் நேரத்தில் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்ட நண்பரே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அதை வாங்கிய கடையில் நீளம் சரியாக அளந்தார்களா என்று அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

புத்தர் சொன்ன ஒழுக்கங்களான ஐந்து சீலம், ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஓர் உதாரணம், வேலையில் ஓர் உதாரணம். அதுதான் திட்டம். காலையில் பந்தே சொல்லச் சொல்ல நாமும் சொன்னோமே, 'வேரமணி சிக்காபதம் சமாதியாமி' என்று? 'விலகியிருக்கும் பயிற்சியை ஏற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்குப் போய் ஏற்றுவந்ததும் இதே பஞ்சசீலம்தான். யாரும் நமக்கு இடுகிற கட்டளை கிடையாது, நாமே எடுத்துக்கொள்கிற பயிற்சி.

கொல்லாமையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இரண்டாவதுக்கு வருகிறேன், கொடுக்காததை எடுக்காமை.

'பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்' என்பார்கள். எனக்குப் பிடித்த பழமொழி, ஆனால் அதோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஓர் இனிப்புக் கடையில் நிறுவைக்கு நின்றேன். தீபாவளி நேரம், மூச்சுவிட முடியாத கூட்டம். அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்து, மைசூர்பாகை அடுக்கி, அரைக் கிலோ காட்டியதும் மூடிவிட வேண்டும். பெட்டியே ஐம்பது கிராம். காலிப் பெட்டியை வைத்து டேர் பொத்தானை அழுத்தினால் திரையில் சைபர் வரும், அப்புறம் நிறுத்தால் இனிப்பு மட்டும் கணக்கில் வரும். "அதுக்கெல்லாம் நேரமில்லை, போடு" என்பார் முதலாளி. நானும் போட்டேன்.

அப்போது ஒரு பாட்டி வந்தார், கையில் எவர்சில்வர் தூக்கு. "இதிலயே போடு தம்பி" என்றார். நான் பழக்கத்தில் தூக்கை வைத்து நிறுக்கப் போனேன். பாட்டி தராசை எட்டிப் பார்த்துவிட்டுக் கடையே கேட்கும்படி சொன்னார்: "ஏம்பா, தூக்கு எம் மருமக சீரா கொண்டு வந்தது. அதையும் எனக்கே விக்கிறியா?" கடை முழுக்கச் சிரிப்பு, முதலாளியும் சிரித்தார். நான் தூக்குக்கு டேர் அழுத்தி, சரியாக அரைக் கிலோ போட்டுக் கொடுத்தேன். பாட்டி போய்விட்டார்.

அடுத்து நின்றவர் பெட்டியில் கேட்டார். நான் டேர் அழுத்தவில்லை.

பௌத்த உரைகாரர்கள் களவுக்கு ஐந்து உறுப்பு சொல்கிறார்கள். பொருள் பிறருடையது, அது பிறருடையது என்று நமக்குத் தெரியும், எடுக்கும் எண்ணம், அதற்கான முயற்சி, பொருள் கைமாறுவது. ஐந்தும் சேர்ந்தால்தான் சீலம் உடையும். கூட்டத்தில் பொத்தானை மறந்தால் அது பிழை, களவு இல்லை. பாட்டி வரும்வரை 'முதலாளி சொன்னார், எனக்கென்ன' என்று மழுப்பிக்கொண்டிருந்தேன். பாட்டிக்கு அழுத்திவிட்டு அடுத்தவருக்கு விட்டேனே, அதற்கு என்ன சாக்கு சொல்வது? மணிமேகலையில் கள், பொய், காமம், கொலை என்று அடுக்கி, களவுக்கு வரும்போது மட்டும் 'உள்ளக் களவும்' என்று வருகிறது. சாத்தனார் நிறுவைக்காரரைப் பார்த்திருப்பார் போல!

முதலாளியும் தப்பவில்லை. தன் கையால் எடுப்பதும் ஏவி எடுக்க வைப்பதும் களவுதான் என்கிறது அதே உரை. அப்போது கிலோ 160 ரூபாய். ஒரு பெட்டிக்கு எட்டு ரூபாய், நூறு பெட்டிக்கு 800 ரூபாய், ஐந்து கிலோ இனிப்பு. பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவானாமே, நாங்கள் அகப்படவே இல்லை. அதுதான் என் சண்டை. அகப்படாத களவுக்காகத்தான் அந்தச் சீலமே இருக்கிறது.

நீங்கள் கண்டுபிடிக்க வழி உண்டு. நிறுத்த பெட்டியைத் தூக்கியதும் திரையைப் பாருங்கள். 'மைனஸ் 0.050' மாதிரி ஒரு கழித்தல் எண் நின்றால் பெட்டியைக் கழித்திருக்கிறார்கள். வெறும் சைபர் என்றால் அட்டைக்கும் இனிப்பு விலை கொடுத்திருக்கிறீர்கள். மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும், சான்றிதழ் கடையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஆனால் முத்திரை தராசுக்குத்தான். நிறுக்கிற விரலுக்கு யார் போடுவது?

ஆகவேதான் நம் சந்தை வாசலில் பொதுச் சோதனைத் தராசு ஒன்று வேண்டும் என்று மூன்று வருஷமாக மனு கொடுத்து வருகிறேன். பல நாள் திருடன் ஒரு நாளாவது... சரி, தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நான்காவது சீலம் ஒரு வரி. கடன்காரர் வந்தால் "அப்பா வீட்டில் இல்லை" என்று பிள்ளையைச் சொல்ல வைக்காதீர்கள். மற்ற மூன்றும் அடுத்த பௌர்ணமிக்கு.

மனு கடைசி வரிசை நாற்காலியில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். பக்கத்திலேயே என் தராசும் இருக்கிறது. வரும் வழியில் பூஜைக்குப் பழம் வாங்கியவர்கள் நிறுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.