ஒரு குறளும் மூன்று கேள்வியும்

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் எஸ்.பி.எம். தமிழ்மொழி சொல்லிக் கொடுக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் இலக்கணத்துக்கு ஒரு நோட்டு, செய்யுளுக்கு ஒன்று, கட்டுரைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். ஒன்றில் படித்தது மற்றொன்றுக்குப் போய்ச் சேருவதே இல்லை. மூன்றையும் ஒரே குறளில் வைத்துப் படிக்கலாம். இன்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் வரும் 467ஆம் குறள்.

எண்ணித் துணிக கருமம் துணிந்தபின்
எண்ணுவம் என்பது இழுக்கு.

வாயால் சொல்லச் சொன்னால் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். எழுதச் சொன்னால்தான் பிழை தெரியும். 'எண்ணி துணிக' என்று ஒருவர், 'துணிகக் கருமம்' என்று இன்னொருவர். இரண்டும் ஒற்றுப் பிழைதான். 'எண்ணி' என்பது இகரத்தில் முடியும் வினையெச்சம். அதன் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். அதனால் 'எண்ணித் துணிக'. 'துணிக' என்பதோ வியங்கோள் வினைமுற்று. அதன் பின் ஒற்று மிகாது. 'வாழ்க தமிழ்' என்று எழுதுவதும் இதனால்தான். மண்டபத்துப் பதாகைகளில் 'வாழ்கத் தமிழ்' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள்.

சரி, இரண்டாவது அடி மறந்துவிட்டால்? எதுகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலடி 'எண்ணி' என்று தொடங்குகிறது. இரண்டாவது எழுத்து ண். அடுத்த அடியும் அதே ண் ஓசையோடு, 'எண்ணுவம்' என்று தொடங்கும். அந்த அடியில் இருப்பது மூன்றே சீர். மூன்றும் எ, எ, இ என்று ஒரே மோனை இனத்தில் தொடங்குகின்றன. கடைசிச் சொல்லை 'தவறு' என்று எழுதும் பிள்ளைக்குப் பொருள் புரிந்திருக்கிறது, பாட்டு நினைவில் இல்லை. 'தவறு' அந்த மோனையில் சேராது என்று தெரிந்தால் 'இழுக்கு' தானாக வந்துவிடும்.

இன்னொரு பிழையை மட்டும் எதுகையும் மோனையும் பிடித்துத் தராது. 'எண்ணுவம்' என்பதை 'எண்ணுவோம்' என்று எழுதுவது. சீரும் மாறாது, ஓசையும் இடறாது. இங்கே இலக்கணம்தான் கைகொடுக்கும். நாம் இன்று 'ஓம்' போடும் இடத்தில் பழைய தமிழில் 'அம்' என்ற தன்மைப் பன்மை விகுதியும் வரும். இது தெரிந்த பிள்ளை அந்தச் சொல்லை மாற்றாது.

அப்புறம் கட்டுரை. ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'கடுமையாக உழைத்தால் வெற்றி பெறலாம். எண்ணித் துணிக கருமம் என்று வள்ளுவரும் கூறியுள்ளார்.' இந்தக் குறள் உழைப்பைப் பற்றியதே அல்ல. இறங்குவதற்கு முன் யோசிப்பதைப் பற்றியது. மேற்கல்வி பற்றிய பத்தியாக மாற்றி எழுதச் சொன்னேன். இப்படி எழுதினாள்: 'நன்றாக விசாரித்துப் பார்க்காமல், தோழி சேர்ந்தாள் என்பதற்காகவே கல்லூரியில் சேர்ந்து, கல்விக்கடனுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாம் பருவத்தில் இந்தத் துறை ஒத்துவராது என்று நிற்பவர்கள் உண்டு. படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்பதில்லை. துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு என்று வள்ளுவர் எச்சரிப்பது இதைத்தான்.' இப்போது குறள் பத்திக்குள் பொருந்தி நிற்கிறது. சோதித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: இந்தப் பத்தியில் 'துணிந்த' செயல் எது? இரண்டாவது பத்தியில் கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்து. முதல் பத்தியில் அப்படி எதுவும் இல்லை.

எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிடாதீர்கள். க, ச, த, ப என்று தொடங்கும் சொற்களுக்கு முன்னால் உள்ள சொல்லை மட்டும் ஒருமுறை பார்த்து வாருங்கள். 'விசாரித்துப் பார்க்காமல்' என்பதில் 'விசாரித்து' வன்தொடர். ஒற்று மிகுந்தது சரி. 'சேர்ந்து படித்தாள்' என்று வந்தால் அது மென்தொடர், ஒற்று வேண்டாம். 'செய்து காட்டினாள்' என்பதிலும் வேண்டாம், அது இடைத்தொடர்.

விதியைப் புதிதாகக் கற்ற பிள்ளைகள் எல்லா இகரத்துக்கும் ஒற்றுப் போடத் தொடங்குவார்கள். 'தம்பிப் போனான்' என்று எழுதுவார்கள். 'தம்பி' எழுவாய், அது வினையெச்சம் அல்ல. ஆகவே 'தம்பி போனான்'தான். ஐயம் வந்தால் அந்தச் சொல் ஆளையோ பொருளையோ குறிக்கிறதா, முடியாத ஒரு செயலைக் குறிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முடியாத செயல் என்றால் மட்டுமே இந்த விதிக்குள் வரும்.