கிராஃப் போட்டோல ஆயிரமா லட்சமா: 1.35 எப்படி 135 ஆகுது

கேள்வி: "சார், வாட்ஸ்அப்ல வந்த ரப்பர் தோட்டம் கிராஃப் கணக்குல 2019க்கு ஒரு கிலோவுக்கு சராசரி விலை கேட்டிருக்கு. நான் 54ஐ 40ஆல வகுத்து 1.35னு போட்டேன். ஆன்சர் கீல 135னு இருக்கு. கீ தப்பா, நான் தப்பா?"

கீ சரிதான் மக்கா. உங்க வகுத்தலும் சரிதான், 54ஐ 40ஆல வகுத்தா 1.35தான் வரும், அதுல ஒரு குறையும் இல்ல. வகுக்குறதுக்கு முன்னாடி அந்த 54 எதோட 54, அந்த 40 எதோட 40னு பாக்காம விட்டதுதான் விஷயம். நீங்க அனுப்பின போட்டோவ நான் பெருசாக்கி பாத்தேன், மேல தலைப்பு பாதில அறுந்து போச்சு, இடது பக்கம் நெடுக்க எழுதியிருக்க எழுத்தும் பாதிதான் தெரியுது. அதே தாள் நம்ம கிளாஸ்லயும் கொடுத்தது, கைல இருக்கு, அத வச்சே சொல்லுதேன். நம்பர் எல்லாம் பயிற்சிக்காக போட்டதுதான், எந்த தோட்டத்து கணக்கும் இல்ல.

அந்த கிராஃப்ல ரெண்டு அச்சு இருக்கு. இடது பக்க அச்சு பாருக்கு உள்ளது, உற்பத்தி, அதுல நெடுக்க "கிலோ ('000)"னு போட்டிருக்கு. அந்த மேற்கோள் குறி போட்ட மூணு சைபர்னா ஆயிரத்துலனு அர்த்தம், அச்சுல தெரியுத நம்பருக்கு பின்னாடி மூணு சைபர் சேத்துக்கணும். உங்க போட்டோல அந்த மூணு சைபர்தான் அறுந்துட்டு, "கிலோ"னு மட்டும் தெரியுது. அதனால 40னு பாத்ததும் 40 கிலோனு மனசுல போயிருக்கும், இல்லனா அதையும் யோசிக்காம நம்பர மட்டும் எடுத்திருப்பீங்க. வலது பக்க அச்சு கோட்டுக்கு உள்ளது, வித்த பணம், அதுல "ரூபாய் (லட்சத்தில்)"னு இருக்கு.

அப்போ 2019க்கு உற்பத்தி 40 ஆயிரம் கிலோ, பணம் 54 லட்சம் ரூபாய். முழுசா எழுதினா 54,00,000ஐ 40,000ஆல வகுக்கணும். 135 ரூபாய். ஒரு லட்சத்துல நூறு ஆயிரம் இருக்கு இல்லியா, அதனால மேல லட்சமும் கீழ ஆயிரமும் வந்தா உங்களுக்கு கிடைச்ச 1.35ஐ நூறால பெருக்கினா போதும். ஆனா பழகுத வரைக்கும் இந்த குறுக்குவழிய எடுக்காதீங்க, சைபர் எல்லாம் எழுதி வெட்டுங்க. ஏன்னா அடுத்த கணக்குல மேல கோடியும் கீழ ஆயிரமும் வரும், அங்க நூறு இல்ல, பத்தாயிரம். நூறுனு கை பழகிட்டா அங்க மாட்டிக்கிடுவோம்.

இன்னொண்ணு, விடை வந்ததும் ஒரு நிமிஷம் நம்ம ஊர்ல நின்னு பாருங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கமோ அருமனை பக்கமோ எந்த கடைலயாவது ஒரு கிலோ ரப்பர் ஷீட்டுக்கு 1 ரூபாய் 35 காசுதான் விலைனு சொல்லுவாங்களா? வீட்ல பால்வெட்டு உள்ளவங்களுக்கு கேட்ட உடனே தெரியும், 1.35 நடக்காத விலைனு. 135 நடக்குத விலை. இப்படி நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு தப்பு இருந்தா இந்த சோதனைல கண்டிப்பா மாட்டும்.

ஆனா இந்த சோதனைல மாட்டாத தப்பும் ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப கவலை. நம்ம கிளாஸ்ல இதே கணக்குக்கு ஒரு பிள்ளை 90 ரூபாய்னு போட்டுச்சு. 90 ரூபாய்க்கும் ரப்பர் வித்த காலம் உண்டு, அதனால பாத்தா சரி மாதிரியே இருக்கு, யூனிட்டும் அந்த பிள்ளை கரெக்டா லட்சம் ஆயிரம்னு எழுதியிருக்கு. எங்க போச்சுனு பாத்தா, கோட்டுல உள்ள புள்ளிய வலது அச்சுல படிக்காம இடது அச்சுல படிச்சிருக்கு. இடது அச்சுல 0, 20, 40, 60னு இருக்கு. வலது அச்சுல அதே உயரத்துல 0, 30, 60, 90னு இருக்கு. கிடைக்கோடு ரெண்டுக்கும் ஒண்ணுதான். அந்த 2019 புள்ளி கீழ இருந்து ஒம்பதாவது கட்டத்துல நிக்குது. வலது பக்கம் போனா அது 54, இடது பக்கம் போனா 36. 36 லட்சத்த 40 ஆயிரத்தால வகுத்தா 90. பாத்தீங்களா, ஒரே புள்ளி, கண்ணு எந்த பக்கம் திரும்புதுங்கறதுல விலையே மாறிப்போச்சு. அதனால ரெண்டு அச்சு இருந்தா, முதல்ல கீழ இருக்க குறிப்புல பாருக்கு எந்த கலர், கோட்டுக்கு எந்த கலர்னு பாத்து, பென்சிலால பார் பக்கத்துல "இடது"னும் கோடு பக்கத்துல "வலது"னும் எழுதிக்கிடுங்க. போட்டோனா மொபைல்லயே எடிட்ல போயி எழுதலாம். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ போட்டோ எடுத்திருந்தா கலர் தெரியாது, அப்போ அச்சு பக்கத்துல இருக்க பேர வச்சுதான் பிரிக்கணும்.

இப்போ கட்டம்னு சொன்னேன் இல்லியா, அதையும் எப்படி எண்ணுறதுனு சொல்லிடுதேன், 2020க்கு உள்ள கேள்வில அதுதான் வரும். இடது அச்சுல 20க்கும் 40க்கும் நடுவுல சின்ன கோடு நாலு இருக்கு. நாலு கோடுனா நாலு பங்குனு நெனச்சு 20ஐ நாலால வகுத்து ஒரு கோட்டுக்கு 5னு எடுப்பாங்க, அது தப்பு. கோட்ட எண்ணக்கூடாது, இடைவெளிய எண்ணணும். வேலி கட்டும்போது ரெண்டு பெரிய கல்லுக்கு நடுவுல நாலு கம்பு நட்டா இடைவெளி அஞ்சு வரும், அதே கணக்குதான். 20ஐ அஞ்சால வகுத்தா ஒரு இடைவெளிக்கு 4. வலது அச்சுல 30ஐ அஞ்சால வகுத்தா 6. 2020 பார் 40க்கு மேல ரெண்டு இடைவெளி தள்ளி நிக்குது, அப்போ 48 ஆயிரம் கிலோ. 5னு எடுத்தவங்களுக்கு 50னு வந்திருக்கும். கோட்டுப் புள்ளி 60க்கு மேல ஒரு இடைவெளி, 66 லட்சம். 66,00,000ஐ 48,000ஆல வகுத்தா 137 ரூபாய் 50 காசு. 50 ஆயிரம்னு எடுத்தா 132 வரும், அதுவும் நடக்குத விலைதான், ஆப்ஷன்லயும் அது இருக்கும், வேணும்னே வச்சிருப்பாங்க. நான் எப்பவும் செய்யுதது என்னன்னா, ஒரு இடைவெளி மதிப்பு கண்டுபிடிச்சதும் 20ல இருந்து நாலு நாலா கூட்டி 24, 28, 32, 36, 40னு அடுத்த பெரிய நம்பர்ல சரியா போய் நிக்குதானு பாப்பேன். நின்னா சரி. ஒவ்வொரு இடைவெளிக்கும் அஞ்சு அஞ்சா கூட்டினா, 40னு போட்டிருக்க கோட்டுக்கு வரும்போது 45ல போய் நிக்கும், அங்கயே தெரிஞ்சிடும்.

போட்டோங்கறதால வரக்கூடிய பிரச்சனை தனி. சரிச்சு எடுத்த போட்டோல கிடைக்கோடு எல்லாம் கொஞ்சம் சாஞ்சு இருக்கும், அப்போ பாரோட தலைல இருந்து நேரா இடது பக்கம் கண்ண ஓட்டினா வேற நம்பர்ல போய் முட்டும். ஸ்கிரீன் நேரா இருக்கானு பாக்காதீங்க, தாள்ல உள்ள கோடு எப்படி போகுதோ அதோட கூடவே போங்க, ஒரு பேப்பர் விளிம்ப ஸ்கிரீன்ல அந்த கோட்டு மேல வச்சு பாத்தாலும் போதும். கிடைக்கோடே இல்லாத கிராஃப்னா மொபைல்ல டாக்குமெண்ட் ஸ்கேன் பண்ற மோட் இருக்கும், நாலு மூலையும் பிடிச்சு இழுத்தா தாள் நேராயிடும், அதுக்கு அப்புறம் படிங்க. அதோட அச்சு கீழ எங்க ஆரம்பிக்குதுனும் பாக்கணும். அடிப்பக்கம் அறுந்த போட்டோல கடைசியா தெரியுத கோட்ட சைபர்னு எடுத்துட்டு கட்டம் எண்ணுனா எல்லாமே இறங்கிடும்.

எல்லா கேள்விக்கும் யூனிட் தேடி தவிக்கணுமானு கேட்டா, வேண்டாம். 2019ல இருந்து 2020க்கு உற்பத்தி எத்தன சதவீதம் கூடிச்சுனு கேட்டா 40ல இருந்து 48, எட்டு கூடியிருக்கு, 20 சதவீதம். ஆயிரமா இருந்தாலும் லட்சமா இருந்தாலும் அதே 20தான், ரெண்டும் ஒரே அச்சுல இருந்து வந்ததால யூனிட் வெட்டிப் போயிடும். ஒரு கிலோவுக்கு எவ்ளோ, ஒரு ஏக்கருக்கு எவ்ளோ, ஒரு ஆளுக்கு எவ்ளோனு ரெண்டு வேற அளவ வகுக்கும்போதும், மொத்தம் எவ்ளோ ரூபாய்னு கேக்கும்போதும்தான் யூனிட் இல்லாம முடியாது.

யூனிட் அறுந்து போச்சு, தாளும் கைல இல்லனா என்ன செய்யுததுனு அடுத்து கேப்பீங்க. தெரிஞ்ச ஒரு நம்பர் அந்த கிராஃப்ல இருந்தா அத பிடிச்சு கண்டுபிடிக்கலாம். 2011 சென்சஸ்ல நம்ம கன்னியாகுமரி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. மாவட்டம் வாரியா உள்ள கிராஃப்ல நம்ம மாவட்டத்து பார் 18.7னு நின்னா அது லட்சம், 1870னு நின்னா ஆயிரம், 1.87னு நின்னா மில்லியன், அதாவது பத்து லட்சம். நம்ம பாருக்கு எதுவோ அதுதான் மத்த எல்லா மாவட்டத்து பாருக்கும். நம்பர முழுசா போட்டிருந்தா கமாவ நம்பாதீங்க, நம்ம ஊர்ல 18,70,374னு போடுவாங்க, வெளிநாட்டு முறைல 1,870,374னு போடுவாங்க, மங்கலான போட்டோல கமாவும் புள்ளியும் ஒண்ணு மாதிரி தெரியும். இலக்கத்த எண்ணுங்க, ஏழு இலக்கம்னா பத்து லட்சத்துக்கு மேல, அவ்வளவுதான். தெரிஞ்ச நம்பர் ஒண்ணும் இல்லனா சதவீத கேள்விய மட்டும் போட்டுட்டு மத்தத விட்டுடுங்க, ஊகிச்சு போடாதீங்க.

உங்க போட்டோல 2021க்கு உள்ள பாரோட தலை விரல் மறைச்சு தெரியல மக்கா. தலைப்பும் ரெண்டு ஓரமும் உள்ள வர மாதிரி, தாள தரைல வச்சு நேர் மேல இருந்து ஒரு தடவ எடுத்து அனுப்புங்க, அதையும் நீங்களே முதல்ல போட்டு விடையோட அனுப்புங்க, பாத்து சொல்லுதேன்.